டிரிப்பர் இடைவெளி எவ்வளவு? மண்ணைத் தோண்டி முடிவுசெய்யும் முறை

முதன்முதலில் சொட்டுநீர் போட்டபோது, மணற்பாங்கான ஒரு துண்டு நிலத்தில் 60 செ.மீ. இடைவெளியுள்ள இன்லைன் டியூபை விரித்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து வரிசையின் ஓரத்தில் நின்று பார்த்தால் செடிகள் அலை அலையாக இருந்தன. டிரிப்பருக்குப் பக்கத்தில் இருந்தவை தளதளவென்று நின்றன. இரண்டு டிரிப்பருக்கு நடுவில் மாட்டிக்கொண்டவை பாதி உயரம்தான். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக விட்டேன். அலை அப்படியேதான் இருந்தது. கூடுதலாக விட்ட தண்ணீர் பக்கவாட்டில் போகவே இல்லை, நேராகக் கீழே இறங்கிவிட்டது.

இன்லைன் டியூபில் டிரிப்பர்கள் குழாய்க்குள்ளேயே பொதிந்திருக்கும். 20, 30, 40, 50, 60 செ.மீ. என்று குறிப்பிட்ட இடைவெளிகளில்தான் கிடைக்கும், வாங்கிய பிறகு மாற்ற முடியாது. அதனால் வாங்குவதற்கு முன்பே உங்கள் மண்ணில் தண்ணீர் எப்படிப் பரவுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. ஒரு கேன் தண்ணீரும், ஒரு மண்வெட்டியும், இரண்டு நாள் பொறுமையும் இருந்தால் போதும்.

தண்ணீர் மண்ணுக்குள் எந்தப் பக்கம் போகிறது

ஒரே இடத்தில் சொட்டும் தண்ணீரை இரண்டு விசைகள் இழுக்கின்றன. ஒன்று புவியீர்ப்பு, அது கீழே இழுக்கும். இன்னொன்று மண் துகள்களின் உறிஞ்சும் சக்தி, அது எல்லாத் திசையிலும் இழுக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே சங்கதிதான். மணலில் துகளுக்குத் துகள் இடைவெளி பெரிது, உறிஞ்சும் சக்தி குறைவு, ஆகவே புவியீர்ப்பு ஜெயித்துவிடும். நனைந்த பகுதி முள்ளங்கி மாதிரி குறுகலாக, நீளமாக இருக்கும். களிமண்ணில் நுண்துளைகள் மிகச் சிறியவை. தண்ணீர் மெதுவாகத்தான் உள்ளே போகும், ஆனால் பக்கவாட்டில் நன்றாக உறிஞ்சப்படும். நனைந்த பகுதி வாயகன்ற சட்டி மாதிரி அகலமாக, ஆழம் குறைவாக இருக்கும்.

களிமண்ணில் அகலம் கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மண் உறிஞ்சும் வேகத்தைவிடச் சொட்டும் வேகம் அதிகமானால் டிரிப்பருக்கு அடியில் சின்னக் குட்டை கட்டும். உறிஞ்சவேண்டிய பரப்பு கிடைக்கும்வரை அது விரிந்துகொண்டே போகும். ஒரு களிமண் மணிக்கு 5 மி.மீ. உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 2 லிட்டர் டிரிப்பருக்கு 0.4 சதுர மீட்டர் பரப்பு தேவை, அதாவது ஏறக்குறைய 70 செ.மீ. குறுக்களவுள்ள வட்டம். மணிக்கு 30 மி.மீ. உறிஞ்சும் மணலில் அதே டிரிப்பருக்கு 30 செ.மீ.க்கும் சற்றுக் குறைவான வட்டமே போதும். உலர்ந்த மண் ஆரம்பத்தில் வேகமாகக் குடிக்கும் என்பதால் நிஜத்தில் குட்டை இதைவிடச் சிறிதாகவே இருக்கும். இந்தக் கணக்கிலிருந்து ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: சொட்டும் வேகத்தை இரட்டிப்பாக்கினால் பரப்புதான் இரட்டிக்கும், குறுக்களவு ஏறக்குறைய 1.4 மடங்குதான் ஆகும். 2 லிட்டருக்குப் பதில் 4 லிட்டர் டிரிப்பர் போட்டால் இடைவெளியையும் இரட்டிப்பாக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலில் மண்ணைக் கையில் எடுங்கள்

20 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, பிசையும் பதத்துக்கு நனைத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையே நிற்காமல் உதிர்ந்தால் மணல். உருண்டை நின்றால், அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா மாதிரி நசுக்கித் தள்ளுங்கள். 2.5 செ.மீ. நீளத்துக்கு முன்பே அறுந்தால் நடுத்தர மண், 5 செ.மீ. தாண்டியும் அறுபடாமல் தொங்கினால் நல்ல களிமண். இடையில் இருந்தால் களி கலந்த இரண்டுங்கெட்டான் மண்.

இந்தச் சோதனை எந்த வரம்பில் தேடுவது என்று காட்டும், அவ்வளவுதான். இதை மட்டும் வைத்து டியூப் வாங்காதீர்கள். மேலே மணலும் 30 செ.மீ. கீழே களித்தட்டும் உள்ள நிலத்தில் தண்ணீர் தட்டில் மோதிப் பக்கவாட்டில் விரியும். கையில் எடுத்த ஒரு பிடி மண் அதைச் சொல்லாது.

கேன் சோதனை

பத்திருபது லிட்டர் பிளாஸ்டிக் கேனின் அடியில் சின்னக் குழாய்த் திருகு ஒன்றைப் பொருத்தி, முழங்கால் உயரத்தில் வையுங்கள். திருகிலிருந்து மெல்லிய டியூப் ஒன்றைத் தரைவரை இறக்கி, ஒரு குச்சியில் கட்டுங்கள். தண்ணீர் ஒரே புள்ளியில் விழ வேண்டும். டிரிப்பரையே கேனில் மாட்டலாமே என்று தோன்றும். ஆனால் கேனின் உயரம் தரும் அழுத்தம் மிகக் குறைவு, டிரிப்பர் அதன்மேல் எழுதியிருக்கும் அளவைத் தராது. அழுத்தத்தைச் சமன்செய்யும் வகை டிரிப்பர் இதில் சரியாக வேலையே செய்யாது. திருகை வைத்து நாமே வேகத்தைச் சரிசெய்வதுதான் சுலபம்.

ஒரு அளவுக் குவளையை அடியில் பிடியுங்கள். 3 நிமிடத்தில் 100 மி.லி. விழுந்தால் அது மணிக்கு 2 லிட்டர். 200 மி.லி. என்றால் மணிக்கு 4 லிட்டர். நீங்கள் வாங்க நினைக்கும் டிரிப்பரின் வேகத்துக்குத் திருகை வையுங்கள். கேனில் தண்ணீர் குறையக் குறைய வேகமும் குறையும். ஆகவே அரை மணிக்கு ஒருமுறை மேலே ஊற்றி மட்டத்தைச் சமமாக வைத்து, குவளையால் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

இடம் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். நிலம் உழுது, பாத்தி பிடித்து, நடவுக்குத் தயாரான நிலையில் இருக்கட்டும். உழாத இறுகிய தரையில் எடுத்த அளவு உழுத நிலத்துக்குப் பொருந்தாது. ஈரமும் வழக்கமாக நீங்கள் தண்ணீர் விடும் நேரத்தில் இருக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். களிமண்ணில் இது மிக முக்கியம். காய்ந்து வெடிப்பு விட்ட களிமண்ணில் தண்ணீர் வெடிப்பு வழியே ஓடி எங்கோ போய்விடும், தோண்டிப் பார்த்தால் ஒன்றுமே புரியாது. அப்படியிருந்தால் ஒருமுறை நிலம் முழுக்க நனைத்து, வெடிப்பு மூடி, சில நாள் ஆறியபின் சோதியுங்கள். ஒரே இடத்தை நம்பாமல் குறைந்தது மூன்று இடங்களில் செய்வது நல்லது.

எவ்வளவு நேரம் விடுவது? நீங்கள் நிஜமாக ஒரு பாசனத்துக்கு எவ்வளவு விடப்போகிறீர்களோ அவ்வளவு. இது தெரியாவிட்டால் மணலில் 2 மணி நேரமும் களிமண்ணில் 4 மணி நேரமும் வைத்துத் தொடங்குங்கள்.

தோண்டுவது

மணலில் தண்ணீர் நின்று சில மணி நேரத்தில் தோண்டலாம். களிமண்ணில் மறுநாள்தான் தோண்ட வேண்டும். தண்ணீர் நின்ற பிறகும் ஈரம் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், அன்றைக்கே தோண்டினால் அளவு குறைவாகக் காட்டும்.

சொட்டிய புள்ளியின் நடுவே ஒரு கோடு கிழியுங்கள். கோட்டின் ஒரு பக்கம் முழுவதையும் 60, 70 செ.மீ. ஆழத்துக்கு எடுத்துவிட்டு, கோட்டை ஒட்டிய பக்கத்தைச் சுவர் மாதிரி செங்குத்தாகச் செதுக்குங்கள். மணல் சுவர் சரியும். அதனால் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, ஈரத்தின் ஓரம் தெரிந்தவுடனேயே இரண்டு பக்கமும் குச்சி குத்திக்கொண்டே கீழே போங்கள். வெயிலில் மணல் பத்து நிமிடத்தில் நிறம் வெளுத்து, ஓரம் மறைந்துவிடும். களிமண்ணில் பிரச்சினை வேறு. ஓரம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, காய்ந்த களியும் கருமையாகத்தான் இருக்கும். அங்கே கத்தி முனையால் இரண்டு செ.மீ.க்கு ஒருமுறை குத்திப் பாருங்கள். ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த இடத்தில் டக்கென்று நிற்கும்.

பிறகு தரைமட்டத்தில் தொடங்கி 10 செ.மீ.க்கு ஒருமுறை ஈரத்தின் அகலத்தை அளந்து எழுதுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

வேர்கள் பெரும்பாலும் 40 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கும் ஒரு காய்கறிப் பயிர். வரிசைக்கு வரிசை 1.2 மீட்டர். டிரிப்பர் வேகம் மணிக்கு 2 லிட்டர். மணலில் 2 மணி நேரம், அதாவது 4 லிட்டர், களிமண்ணில் 4 மணி நேரம், அதாவது 8 லிட்டர் விட்டுத் தோண்டியதில் இப்படி அளவு வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

| ஆழம் | மணலில் அகலம் | களிமண்ணில் அகலம் |
|---|---|---|
| தரைமட்டம் | 18 செ.மீ. | 70 செ.மீ. |
| 10 செ.மீ. | 32 செ.மீ. | 66 செ.மீ. |
| 20 செ.மீ. | 40 செ.மீ. | 48 செ.மீ. |
| 30 செ.மீ. | 38 செ.மீ. | ஈரம் முடியும் இடம் |
| 40 செ.மீ. | 25 செ.மீ. | காய்ந்த மண் |

மேலே மட்டும் பார்த்தால் மணலில் ஒரு கையளவு ஈரம், களிமண்ணில் அதைப்போல நான்கு மடங்கு. ஆனால் 20 செ.மீ. கீழே போனால் 40க்கு 48, கிட்டத்தட்ட ஒன்றுதான். மணல் தரைக்குக் கீழேதான் விரிகிறது, களிமண் தரைமட்டத்திலேயே விரித்துக் காட்டிவிட்டுக் கீழே சுருங்கிவிடுகிறது. இரண்டு மண்ணிலும் தரைமட்டம் ஏமாற்றுகிறது, எதிரெதிர்த் திசைகளில்.

இடைவெளிக்கு நான் எடுத்துக்கொள்வது வேராழத்தின் பாதியில் உள்ள அகலத்தை, இங்கே 20 செ.மீ. ஆழத்தில் இருப்பதை. அதில் 80 சதவீதம்தான் டிரிப்பருக்கு டிரிப்பர் இடைவெளி. அந்த 20 சதவீதம், பக்கத்துப் பக்கத்து ஈரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வரிசை முழுக்கத் தொடர்ச்சியான ஒரு பட்டை அமைவதற்காக. இது சொட்டுநீர் வடிவமைப்பில் பல காலமாகப் புழக்கத்தில் உள்ள விதி.

மணலுக்கு 40 × 0.8 = 32 செ.மீ., கிடைக்கும் டியூபில் 30 எடுத்துக்கொள்வோம். களிமண்ணுக்கு 48 × 0.8 = 38 செ.மீ., 40 எடுக்கலாம். தரைமட்ட அகலத்தை வைத்துப் போட்டிருந்தால் மணலுக்கு 15ம் களிமண்ணுக்கு 55ம் வந்திருக்கும். மணலில் தேவையில்லாமல் இரண்டு மடங்கு டிரிப்பர். களிமண்ணில் மேலே ஒரே ஈரமாகத் தெரிந்துகொண்டே, ஒரு சாண் கீழே இரண்டு டிரிப்பருக்கு நடுவில் காய்ந்த மண்.

சரி, களிமண்ணில் 40தான் கடைசி வார்த்தையா? இல்லை, இங்கேதான் இரண்டு மண்ணுக்கும் நிஜமான வித்தியாசம் வருகிறது. இன்னொரு இடத்தில் நேரத்தைக் கூட்டிச் சோதித்துப் பாருங்கள். களிமண்ணில் 6 மணி நேரம், 12 லிட்டர் விட்டால் 20 செ.மீ. ஆழத்து அகலம் 64 செ.மீ. வரை வரலாம், ஈரமும் 40 செ.மீ. ஆழத்தைத் தொடும். 64 × 0.8 = 51, ஆக 50 செ.மீ. டியூப் தாராளமாகப் போதும். மணலில் நேரத்தை இரட்டித்து 8 லிட்டர் விட்டால் அகலம் 40லிருந்து 46 ஆகும், ஆனால் ஆழம் 45லிருந்து 70க்குப் போய்விடும். 40 செ.மீ.க்குக் கீழே போன தண்ணீர் இந்தப் பயிருக்கு இல்லை, அதில் கரைந்திருக்கும் உரமும் இல்லை. களிமண்ணில் நேரத்தைக் கூட்டி இடைவெளியை விரிக்கலாம், மணலில் முடியாது. நான் முதலில் ஒரு மணி நேரம் கூடுதலாக விட்ட தண்ணீர் எங்கே போனது என்பதற்கும் இதுதான் பதில்.

இடைவெளி முடிவானதும் பாசன நாள் கணக்கும் கூடவே வந்துவிடும். மணலில் 30 செ.மீ.க்கு 4 லிட்டர் என்றால் ஒரு மீட்டர் வரிசைக்கு சுமார் 13 லிட்டர், 1.2 மீட்டர் வரிசை இடைவெளிக்கு அது 11 மி.மீ. பயிர் நாளொன்றுக்கு 5 மி.மீ. குடித்தால் இரண்டு நாளுக்குச் சரி. களிமண்ணில் 50 செ.மீ.க்கு 12 லிட்டர் என்றால் 20 மி.மீ., நான்கு நாளுக்கு ஒருமுறை விடலாம். மணலில் தினமும் பாதிப் பாதியாக விடுவது இன்னும் நல்லது. மண் முழுதாக உலர்வதற்குள் அடுத்த தண்ணீர் வந்துவிடுவதால், நீங்கள் தோண்டிப் பார்த்த அகலம் பெரிதாகச் சுருங்காது, கீழே வீணாவதும் குறையும்.

கணக்கை மாற்றும் சில விஷயங்கள்

நேரடியாக விதை ஊன்றும் பயிரென்றால் மேலே சொன்ன அளவு போதாது. முளைக்கும் விதைக்கு 20 செ.மீ. ஆழத்து ஈரத்தால் பயனில்லை, மேல் ஐந்து செ.மீ. தொடர்ச்சியாக நனைய வேண்டும். மணலில் தரைமட்ட அகலம் 18 செ.மீ.தான் என்பதைப் பாருங்கள். ஒன்று 20 செ.மீ. டியூபுக்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் விதையை டிரிப்பருக்கு நேராக மட்டும் ஊன்ற வேண்டும், அல்லது முளைக்கும்வரை வேறு வழியில் தெளித்துச் சமாளிக்க வேண்டும். நாற்று நடுபவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

உப்புத் தண்ணீர் விடுபவர்கள் இடைவெளியை ஒரு படி குறைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் நகரும்போது உப்பையும் தள்ளிக்கொண்டு போய் ஈரத்தின் விளிம்பில் வைத்துவிட்டு உலர்கிறது. இரண்டு ஈரங்கள் நன்றாக ஏறிக்கொண்டால் அந்த விளிம்பு வரிசையை விட்டுப் பக்கவாட்டில் விலகிப் போகும். தொட்டும் தொடாமலும் இருந்தால் உப்பு வரிசைக்கு நடுவிலேயே, செடி நிற்கும் இடத்திலேயே சேரும். நடுவில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் இதுதான் காரணம்.

இடைவெளியைக் குறைத்தால் குழாயில் ஓடும் தண்ணீரும் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. மணிக்கு 2 லிட்டர் டிரிப்பரை 30 செ.மீ.க்கு ஒன்று வைத்தால் மீட்டருக்கு மணிக்கு 6.7 லிட்டர், 50 செ.மீ.க்கு ஒன்று என்றால் 4 லிட்டர்தான். மணலில் வரிசை நீளமாக இருந்தால் கடைசியில் அழுத்தம் குறைந்து, கடைக்கோடிச் செடிகள் காயும். அதற்குக் குறைந்த வேக டிரிப்பரைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது வரிசையை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பிரித்துவிடலாம். வேகத்தை மாற்றினால் திருகை மாற்றிவைத்து ஒருமுறை கேன் சோதனையைத் திரும்பச் செய்துவிடுங்கள்.

சரிவான களிமண் நிலத்தில் குட்டை வட்டமாக விரியாது, தாழ்வான பக்கம் வழிந்தோடும். அங்கே அகலத்தை அளப்பதில் அர்த்தமில்லை. வேகத்தைக் குறைத்து வழிதலை நிறுத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

ஏற்கெனவே விரித்துவிட்டவர்களுக்கு

மணலில் அகல இடைவெளி டியூப் போட்டுவிட்டு அலை அலையாகச் செடி நிற்கிறதென்றால், நேரத்தைக் கூட்டாதீர்கள். அதே டியூபில் இன்னொன்றை, டிரிப்பர்கள் முதல் டியூபின் இடைவெளிகளுக்கு நடுவில் வரும்படி அரை இடைவெளி தள்ளி, பக்கத்தில் விரித்தால் 60 செ.மீ. 30 ஆகிவிடும். நான் கடைசியில் அப்படித்தான் செய்தேன். ஒற்றை டியூபாகவே இருக்க வேண்டுமென்றால் நடுநடுவே துளை போட்டுத் தனி டிரிப்பர்களைச் செருகலாம், ஆனால் உள்ளே இருப்பதும் செருகுவதும் ஒரே வேகமாக இருக்கட்டும். இரண்டில் எதைச் செய்தாலும் தண்ணீர் இரட்டிக்கும், அதனால் நேரத்தைப் பாதியாக்குங்கள். எல்லா வரிசைகளையும் ஒரே சமயத்தில் திறந்தால் மோட்டார் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

களிமண்ணில் நெருக்கமான டியூப் போட்டவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, காசுதான் கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்கும். வரிசை நெடுகக் குட்டை கட்டி நின்றால் நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, அரை மணி விட்டு ஒரு மணி நிறுத்தி மறுபடி விடுங்கள். இரண்டு வாரம் கழித்து, இரண்டு டிரிப்பருக்குச் சரியாக நடுவில், ஒரு சாண் ஆழத்துக்கு மண்வெட்டியை இறக்கிப் பாருங்கள். அங்கிருந்து எடுக்கும் களிமண் விரலில் நாடாவாக நசுங்கினால் ஈரம் போய்ச் சேர்கிறது. கட்டியாக உடைந்தால் மேலே எவ்வளவு சேறு இருந்தாலும் கீழே செடி தாகத்தோடு இருக்கிறது. அப்போது நிறுத்தும் இடைவேளையைக் குறைக்காமல், விடும் தடவைகளைக் கூட்ட வேண்டும்.